24M, 2T: குழந்தை உடை லேபிளில் இருக்கும் T எதைச் சொல்கிறது?

கேள்வி: என் மகனுக்கு 22 மாதம். உயரம் 84 செ.மீ., எடை 10.8 கிலோ. டல்லாஸில் இருக்கும் அக்கா நான்கு மாதம் கழித்து ஊருக்கு வருகிறாள், உடை வாங்கி வருகிறேன், அளவு சொல் என்கிறாள். அங்கே கடையில் 24M என்றும் இருக்கிறதாம், 2T என்றும் இருக்கிறதாம். இரண்டுமே இரண்டு வயசுதானே? எதைச் சொல்வது?

பதில்:

24M வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சட்டை, பேன்ட் எல்லாம் 2T-யில் கொஞ்சம், 3T-யில் அதிகம் வாங்கச் சொல்லுங்கள். பேன்ட் மட்டும் இடுப்பில் நாடா வைத்ததாகவோ, உள்ளே பட்டன் போட்டு எலாஸ்டிக்கை இறுக்கிக்கொள்ளும் வசதி உள்ளதாகவோ பார்த்து எடுக்கட்டும். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். காரணம் தெரிந்துவிட்டால் அடுத்த முறை யாரையும் கேட்க வேண்டியிருக்காது. திருப்பூரில் குழந்தை உடை ஏற்றுமதியில் வேலை பார்ப்பதால் இந்த லேபிள்களோடுதான் எனக்குப் பொழுது போகிறது.

முதலில் T. அது டாட்லர், அதாவது நடை பழகி ஓடத் தொடங்கிவிட்ட குழந்தை. பெரியவர்களின் அமெரிக்க உடைகளில் XLT என்று வரும்போது T என்பது உயரமானவர்களுக்கான நீளத்தைக் குறிக்கும். அதை நினைத்துக்கொண்டு 2T என்பது இரண்டு வயதில் உயரமான பிள்ளைக்கு என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. அமெரிக்கக் கடைகளில் கைக்குழந்தைப் பிரிவு, நடை பழகிய குழந்தைப் பிரிவு, பெரிய பிள்ளைகள் பிரிவு என்று மூன்று உண்டு. முதல் பிரிவின் அளவுகள் மாதக் கணக்கில் M போட்டு வரும். இரண்டாவது பிரிவில் 2T, 3T, 4T, 5T. மூன்றாவதில் எழுத்து இல்லாமல் வெறும் எண். ஆக, T என்பது உடை எந்தப் பிரிவைச் சேர்ந்தது என்பதைத்தான் முதலில் சொல்கிறது. வயது அதற்குப் பிறகுதான்.

குழப்பம் எண்ணில் இருக்கிறது. M போட்ட எண்ணும் T போட்ட எண்ணும் எதிரெதிர்த் திசையில் வேலை செய்கின்றன. ஒற்றை எண்ணாக 12M என்று போடும் பல அமெரிக்க பிராண்டுகளில் அதற்கு அர்த்தம் 9 மாதத்திலிருந்து 12 மாதம் வரை என்பது. 18M என்றால் 12 முதல் 18 வரை. 24M என்றால் 18 முதல் 24 வரை. அதாவது M-க்கு முன்னால் இருக்கும் எண், அந்த உடை எப்போது போதாமல் போகும் என்பதைச் சொல்கிறது. T-யில் அப்படியே தலைகீழ். 2T என்பது இரண்டு வயது முடிந்ததும் தொடங்கி மூன்றாவது பிறந்தநாளை நெருங்கும் வரைக்குமான உடை. அங்கே எண் தொடக்கத்தைச் சொல்கிறது. இரண்டாவது பிறந்தநாள் அன்று ஒரு குழந்தை 24M-இன் கடைசி நாளிலும் 2T-யின் முதல் நாளிலும் ஒரே நேரத்தில் நிற்கிறது. அதனால்தான் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றுகின்றன. பரிசாக வரும் உடை முதல் பிறந்தநாளுக்கு 12M ஆகவும் இரண்டாம் பிறந்தநாளுக்கு 24M ஆகவும் வந்து, நாலு தடவை போட்டதும் இறுகிப் போவதற்கும் இதுதான் காரணம்.

வேறு சில பிராண்டுகள் 12-18M, 18-24M என்று இரண்டு எண்ணையும் அச்சிடுகின்றன. அதில் இந்தக் குழப்பம் கிடையாது. ஒற்றை எண் மட்டும் இருந்தால் M-க்கு அதை உச்சவரம்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, இரண்டும் சந்திக்கும் அந்த இடத்தில் ஒரே அளவுதானே, எதற்கு இரண்டு லேபிள்? இதுதான் முக்கியமான விஷயம். உயர அட்டவணையில் 24M-உம் 2T-யும் ஓரிரண்டு அங்குலம்தான் தள்ளி நிற்கும், சில இடங்களில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கூட நிற்கும். ஆனால் உடையை வெட்டும் பேட்டர்ன் வேறு. எங்கள் பக்கம் ஒரு அளவுக்கு அடிப்படை பேட்டர்ன் போட்டுவிட்டு, அதிலிருந்து பெரியதும் சிறியதுமாக மற்ற அளவுகளைப் பிரிப்போம். அதை கிரேடிங் என்போம். 6M, 12M, 18M, 24M எல்லாம் ஒரு அடிப்படையிலிருந்து வருபவை. 2T முதல் 5T வரை இன்னொரு அடிப்படையிலிருந்து வருபவை. 24M-ஐக் கொஞ்சம் பெரிதாக்கினால் 2T வந்துவிடாது.

ஒரே பிராண்டில் 24M பேன்ட் ஒன்றையும் 2T பேன்ட் ஒன்றையும் மேசையில் விரித்துப் போட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். 24M-இல் பின்பக்கம் இடுப்புப் பட்டையிலிருந்து கவட்டுத் தையல் வரைக்குமான தூரம் கூடுதலாக இருக்கும், சீட் அகலமாக இருக்கும். ஈரம் ஏறிக் கனத்த டயப்பர் உள்ளே உட்கார அந்த இடம் வேண்டும். தொடையும் தாராளமாக இருக்கும். கால் நீளம் குட்டை. பலவற்றில் கால் இரண்டின் உட்புறத்திலும் வரிசையாக டிச் பட்டன் இருக்கும், படுத்திருக்கும் பிள்ளைக்கு பேன்ட்டை முழுக்கக் கழற்றாமலே டயப்பர் மாற்றுவதற்காக. 2T-யில் அந்த டிச் பட்டன் பெரும்பாலும் இருக்காது. பின்பக்க ஆழம் குறையும், சீட் ஒடுங்கும், கால் நீளும். நின்றுகொண்டே கீழே இழுத்துவிட்டு பாத்ரூம் போகப் பழகும் பிள்ளைக்கு அதுதான் தோது. மேல்சட்டையிலும் இதே கதைதான். கைக்குழந்தைப் பிரிவில் கவட்டில் பூட்டும் பாடிசூட் நிறைய வரும், தலை பெரிதாக இருக்கும் வயது என்பதால் கழுத்தில் தோள் ஓரமாக பட்டனோ மடிப்போ வைப்பார்கள். T பிரிவில் சாதாரண டி-ஷர்ட்தான் அதிகம். உடல் நீளமும் கை நீளமும் கூடும்.

அதனால் இரண்டு வயதை ஒட்டிய பிள்ளைக்கு 24M-ஆ 2T-யா என்று கேட்டால், நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி வயது பற்றி இருக்காது. பகலில் டயப்பர் போடுகிறீர்களா, துணி டயப்பரா, கடையில் வாங்கும் மெல்லிய டயப்பரா என்றுதான் கேட்பேன். தடித்த துணி டயப்பர் என்றால் 2T பேன்ட் பின்பக்கம் கீழே இழுத்துக்கொண்டு முதுகு தெரியும். குனியும்போது இடுப்புப் பட்டை இறங்கினால் சீட் போதவில்லை என்று அர்த்தம். இடுப்பு இறுக்கம் என்று நினைத்து நாடாவைத் தளர்த்துவதால் அது சரியாகாது. அதற்கு மாறாக, டயப்பர் இல்லாத பிள்ளைக்கு 24M போட்டால் பின்னால் துணி தொங்கும், கணுக்கால் வெளியே தெரியும்.

அடுத்து வயது. லேபிளில் அச்சிட்டிருப்பதிலேயே குறைவாக நம்ப வேண்டியது வயதுதான். இது இன்று நேற்று தெரிந்த விஷயம் இல்லை. 1937 முதல் 1939 வரை அமெரிக்க வேளாண்மைத் துறையின் மனையியல் பிரிவு, 4 வயது முதல் 17 வயது வரையிலான 1,47,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளை அளந்தது. உடை தயாரிப்பவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் இஷ்டத்துக்கு அளவு வைத்ததால் வந்த தொல்லையைத் தீர்ப்பதற்காகத்தான் அந்த வேலை. 1941-இல் முடிவுகள் வெளிவந்தன. உடை அளவுக்கு வயது நல்ல அடிப்படை ஆகாது, உயரத்தையும் இடுப்பின் கீழ்ச்சுற்றையும் சேர்த்து வைத்துக்கொள்வதே பொருத்தம் என்றார்கள். அப்படியும் கடைகள் வயதை விடவில்லை. பரிசு வாங்கப் போகிறவருக்குப் பிள்ளையின் வயது தெரியும், உயரம் தெரியாது. அதனால் வயது லேபிளிலேயே நின்றுவிட்டது, உயரமும் எடையும் உள்ளே அட்டவணைக்குப் போய்விட்டன.

ஒரே வயதுப் பிள்ளைகள் எவ்வளவு வேறுபடுவார்கள் என்பதற்கு உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணையைப் பார்க்கலாம். 24 மாத ஆண் குழந்தையின் நடுமட்ட உயரம் நிற்க வைத்து அளந்தால் சுமார் 87 செ.மீ., பெண் குழந்தைக்கு சுமார் 86. ஆனால் ஆண் குழந்தை 81-இலிருந்து 93 வரை எங்கே இருந்தாலும் அது இயல்பான வளர்ச்சியின் எல்லைக்குள்தான். 12 செ.மீ. இடைவெளி. அமெரிக்க T அளவுகளில் ஒரு அளவுக்கும் அடுத்த அளவுக்கும் இடையில் இருப்பதே 3 அங்குலம், அதாவது ஏழரை செ.மீ.தான். ஆக ஒரே நாளில் இரண்டு வயது முடிக்கும் இரண்டு பிள்ளைகளில் ஒன்றுக்கு 18M-ஏ சரியாக இருக்கலாம், இன்னொன்று 3T-க்குள் நுழைந்திருக்கலாம். இரண்டு பேருக்கும் ஒரு குறையும் இல்லை.

அதனால் T அளவுகளை உயரமாக மாற்றி மனதில் வைத்துக்கொள்வது நல்லது. பிராண்டுக்கு பிராண்டு ஒன்றிரண்டு செ.மீ. மாறும், ஆனாலும் பொதுவாக 2T என்பது 33 முதல் 36 அங்குலம், அதாவது 84 முதல் 91 செ.மீ. 3T அங்கிருந்து 99 வரை. 4T அங்கிருந்து 107 வரை. 5T 114 வரை. 24M என்பது 81-இலிருந்து 86-ஐ ஒட்டி நின்றுவிடும். உங்கள் பையன் இன்று 84. அளவு நாடாவின்படி அவன் 24M-இலும் இருக்கிறான், 2T-யின் வாசலிலும் நிற்கிறான்.

ஆனால் உடை இன்று வரவில்லையே. நான்கு மாதம் கழித்து வரும்போது அவனுக்கு 26 மாதம். இந்த வயதில் மாதத்துக்கு முக்கால் செ.மீ. அளவில் வளர்வார்கள், நான்கு மாதத்தில் சுமார் 3 செ.மீ. அப்போது அவன் 87 செ.மீ. பக்கம் இருப்பான். 24M அதற்குள் முடிந்துபோயிருக்கும். 2T நடுவில் இருக்கும். 91-ஐத் தொட இன்னும் ஐந்தாறு மாதம். அதாவது 2T-யாக வாங்கிய அத்தனையும் மூன்றாவது பிறந்தநாளுக்கு முன்பே சிறிதாகிவிடும். அக்கா வருஷத்துக்கு ஒருமுறைதான் வருவாள் என்றால், வந்ததும் போட நாலைந்து 2T போதும், மீதி 3T-யாக இருக்கட்டும் என்பது இந்தக் கணக்கில்தான்.

இப்போது எடையைப் பாருங்கள். அமெரிக்க அட்டவணையில் 2T-க்கு எதிரே 13 முதல் பதினாலரை கிலோ என்பதுபோல் இருக்கும். உங்கள் பையன் இன்று 10.8, நான்கு மாதத்தில் பதினொன்றரை ஆகலாம். அட்டவணைப்படி பார்த்தால் எடை 18M-இல் இருக்கிறது, உயரம் 2T-யில் இருக்கிறது. நம் ஊர்ப் பிள்ளைகளில் நிறையப் பேருக்கு இப்படித்தான் இரண்டும் பிரிந்து நிற்கும். அதைப் பார்த்து எடை குறைவோ என்று கவலைப்பட வேண்டாம். அது அமெரிக்கச் சந்தைக்காக ஒரு பிராண்ட் போட்ட துணி அட்டவணை, பிள்ளையின் வளர்ச்சியைப் பார்க்க அது உதவாது. அதற்கு மருத்துவரிடம் இருக்கும் வளர்ச்சி அட்டவணைதான் அளவுகோல்.

உயரம் ஒன்று, எடை ஒன்று சொன்னால் எதைக் கேட்பது? தோளிலிருந்து கவடு வரை ஒரே துண்டாக வரும் உடைக்கு உயரத்தைத்தான் கேட்க வேண்டும். பாடிசூட், கால் மூடிய தூங்கும் உடை, முன்னால் பட்டை வைத்த டங்கரி எல்லாம் இதில் சேரும். நீளம் போதாவிட்டால் தோளிலும் கவட்டிலும் ஒரே நேரத்தில் இழுக்கும், பிள்ளை கையைத் தூக்கும்போது டிச் பட்டன் பட்டென்று அவிழும். அகலத்தில் லூசாக இருந்தால் ஒரு நஷ்டமும் இல்லை. டி-ஷர்ட்டுக்கும் உயரமே போதும். பேன்ட்டுக்குத்தான் இரண்டும் வேண்டும், கால் உயரத்தைப் பொறுத்தது, இடுப்பு எடையைப் பொறுத்தது.

ஒல்லியான பிள்ளையின் அம்மாக்கள் இங்கேதான் சிறிய அளவுக்குப் போய்விடுகிறார்கள், பேன்ட் அவிழ்ந்து விழுமே என்ற பயத்தில். அளவுகள் எப்படிக் கூடுகின்றன என்று பார்த்தால் அந்தப் பயம் குறையும். 2T-யின் இடுப்புச் சுற்று 20 அங்குலத்தைக் கொஞ்சம் தாண்டி இருக்கும். 3T-க்கு அதிலிருந்து அரை அங்குலம்தான் கூடும், 4T-க்கு இன்னும் அரை அங்குலம். உயரமோ ஒவ்வொரு படிக்கும் 3 அங்குலம் கூடுகிறது. இந்த வயதில் பிள்ளைகள் உயரத்தில்தான் வளர்கிறார்கள், இடுப்பு ஏறக்குறைய அப்படியே இருக்கும், தொந்தி கரையும். ஆகவே 2T இடுப்பில் லூசு என்றால் 24M-க்கு இறங்குவதில் பெரிய லாபம் கிடையாது, காலும் குட்டையாகிப் போகும். நாடாவைக் கட்டினால் 2T-யே நிற்கும். 3T-யின் கால் நீளமாக இருந்தால் ஒரு மடிப்பு மடித்துவிடலாம்.

அளப்பது பற்றிச் சில வரி. உயரத்தை வெறுங்காலோடு சுவரில் குதிகால் படும்படி நிற்க வைத்து, தலைமேல் ஒரு புத்தகத்தைத் தட்டையாக வைத்து சுவரில் கோடு போட்டு அளக்கவும். படுக்க வைத்து அளந்தால் சுமார் 0.7 செ.மீ. கூடுதலாக வரும், அது ஒரு மாத வளர்ச்சிக்குச் சமம். இடுப்பின் கீழ்ச்சுற்றை டயப்பர் போட்டபடியே, அதன் மேல் நாடா சுற்றி எடுக்கவும். அப்புறம், இதையெல்லாம்விட நம்பகமான ஒன்று உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. இப்போது அவனுக்குச் சரியாக இருக்கும் ஒரு டி-ஷர்ட்டை விரித்துப் போட்டு, கழுத்தையொட்டிய தோள் உச்சியிலிருந்து கீழ் ஓரம் வரை நீளத்தையும், ஒரு அக்குளிலிருந்து மறு அக்குள் வரை அகலத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பேன்ட்டில் கவட்டிலிருந்து கால் ஓரம் வரை உட்கால் நீளம். இந்த மூன்று எண்ணையும் அக்காவுக்கு அனுப்பிவிட்டால் கடையில் எந்த லேபிளைப் பார்த்தாலும் கைப்பையில் இருக்கும் இஞ்ச் டேப்பை வைத்து ஒத்துப் பார்த்துவிடலாம். நீளத்தில் மட்டும் ஒன்றரை அங்குலம் கூட்டிச் சொல்லுங்கள். வளர்ச்சிக்குக் கொஞ்சம், சுருக்கத்துக்குக் கொஞ்சம். முழுப் பருத்தி பின்னலாடை முதல் சில துவைப்பில் நீளவாக்கில்தான் அதிகம் சுருங்கும்.

ஒரு உடையில் மட்டும் இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாததுபோல் தோன்றும். பைஜாமா. அக்கா 2T டி-ஷர்ட்டும் அதே பிராண்டில் 2T பருத்தி பைஜாமாவும் வாங்கினால், பைஜாமா ஒரு அளவு சிறியதுபோல் ஒட்டிக்கொண்டு நிற்கும். தப்பான லேபிள் ஒட்டிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். அது சட்டம். அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி, 9 மாத அளவுக்கு மேற்பட்ட குழந்தைகளின் தூங்கும் உடை ஒன்று தீப்பிடிக்காத தன்மைச் சோதனையில் தேற வேண்டும், அல்லது உடலோடு ஒட்டி இருக்க வேண்டும். சாதாரணப் பருத்தி அந்தச் சோதனையில் தேறாது. ஆகவே பருத்தி பைஜாமாவுக்கு மார்பு, இடுப்பு, சீட், மேல்கை, தொடை, மணிக்கட்டு, கணுக்கால் என்று ஏழு இடத்தில் இதற்குமேல் அகலம் போகக்கூடாது என்று அளவு வாரியாக எல்லை வைத்திருக்கிறார்கள். துணிக்கும் உடம்புக்கும் இடையில் காற்று இல்லாவிட்டால் தீ வேகமாகப் பரவாது, தொளதொளப்பாகத் தொங்கும் துணி அடுப்பிலும் மெழுகுவர்த்தியிலும் எளிதாகப் படும் என்பதுதான் காரணம். அந்த உடைகளில் தொங்கும் மஞ்சள் அட்டையில் இதைத்தான் எழுதியிருப்பார்கள்.

இறுக்கமாக இருக்கிறதே என்று வேண்டுமென்றே இரண்டு அளவு பெரிதாக எடுத்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். விளக்கேற்றும் வீட்டில், எரியும் அடுப்புக்குப் பக்கத்தில் ஓடித் திரியும் பிள்ளைக்கு அதை நான் சொல்லமாட்டேன். உங்கள் பையன் ஒல்லி என்பதால் 2T பைஜாமா அகலத்தில் அவனுக்குப் பாந்தமாகவே இருக்கும், நீளத்தில்தான் முதலில் குட்டையாகும். வெயில் காலத்தில் ஒட்டிய பைஜாமா புழுங்கும் என்று தோன்றினால் அதை வாங்கவே வேண்டாம். நம் ஊர்ப் பருத்தி பனியனும் டிரவுசரும் போதும்.

இன்னும் இரண்டு வருஷம் கழித்து இதே குழப்பம் மறுபடி வரும். அதையும் சொல்லிவிடுகிறேன். 24M-உம் 2T-யும் சந்தித்ததைப்போல 4T-யும் வெறும் 4-உம் சந்திக்கும். 4T நடை பழகிய குழந்தைப் பிரிவின் உடை, 4 பெரிய பிள்ளைகள் பிரிவின் உடை. உயரம் ஏறக்குறைய ஒன்றுதான். வெறும் 4-இல் பொதுவாகக் காலும் கையும் கொஞ்சம் நீளம், தோள் அகலம், சீட்டும் வயிறும் ஒடுக்கம். உருண்டையான பிள்ளைக்கு 4T, நெடுநெடுவென்று வளர்ந்தவனுக்கு 4. T பிரிவில் ஒரு வசதி, இடுப்பு முழுக்க எலாஸ்டிக்காக வரும். மேலே போனால் ஜிப்பும் கொக்கியும் வரத் தொடங்கும், அதைத் தானே அவிழ்க்கத் தெரியாத பிள்ளை பள்ளிக்கூடத்தில் அவதிப்படும். 5T-யோடு T பிரிவு பெரும்பாலும் முடிந்துவிடும்.

எல்லா ஊரிலும் T கிடையாது. ஐரோப்பிய பிராண்டுகள் பலவும் 86, 92, 98, 104 என்று பிள்ளையின் உயரத்தையே செ.மீ.யில் அளவாகப் போடுகின்றன. என்னைக் கேட்டால் அதுதான் நேர்மையான லேபிள். உங்கள் பையன் 87-ஐத் தொடும்போது அவனுக்கு 92 வாங்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. பிரிட்டனிலும் இங்கேயும் 2-3Y என்று வருவதை 2T-க்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் நம் நாட்டு பிராண்டுகளுக்குள்ளேயே அளவு நிறைய மாறுவதால் விரித்து அளந்து பார்க்காமல் எடுக்காதீர்கள்.

திருப்பூர் காதர்பேட்டைப் பக்கமோ வேறு ஊர்களிலோ எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் கடையில் வாங்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை. அங்கே அமெரிக்காவுக்காகத் தைத்து மிஞ்சிய உடை 2T, 3T லேபிளோடு கிடைக்கும். பிராண்ட் பெயர் தெரியக்கூடாது என்று கழுத்து லேபிளைப் பாதியாக வெட்டியிருப்பார்கள். சில சமயம் எண் மட்டும் மிஞ்சும், எழுத்து போயிருக்கும். அப்போது 4 என்பது 4T-யா, 4-ஆ என்று தெரியாது. பக்கவாட்டுத் தையலின் உள்ளே துவைக்கும் முறை எழுதிய சின்ன லேபிள் இருக்கிறதா என்று பாருங்கள், அதில் அளவும் அச்சாகியிருக்கலாம். அதுவும் இல்லாவிட்டால் இடுப்பையும் சீட்டையும் பாருங்கள். சரக்கு அளவு பிசகியதால் தள்ளுபடியாகி வந்ததாகவும் இருக்கலாம், அதனால் லேபிள் முழுசாக இருந்தாலும் நான் டேப்பை வைக்காமல் எடுப்பதில்லை.

கடைசியாக, செருப்பும் ஷூவும். அங்கேயும் 5T என்று போட்டிருப்பதை அக்கா பார்க்கக்கூடும். அது ஐந்து வயதும் இல்லை, உடையின் 5T-யும் இல்லை. அது பாதத்தின் நீளம். அமெரிக்கக் குழந்தைக் காலணியில் 5 என்பது சுமார் 12 செ.மீ. நீளப் பாதத்துக்கு, ஒன்றரை வயதை ஒட்டிய பிள்ளைக்கே அது போதும். அதில் M என்று இருந்தால் மாதம் என்று படிக்க வேண்டாம், நடுத்தர அகலம் என்று பொருள். நான்கு மாதத்துக்கு முன்கூட்டியே பாத அளவைக் கணித்துச் சொல்வது சரிவராது, உடையைப்போல மடித்துவிடவும் முடியாது. காலணியை மட்டும் பையனை அழைத்துப்போய் இங்கேயே வாங்கிவிடுங்கள்.